வாசல் 5:50: வெள்ளவத்தையில் ஒரு கால்ஷீட்டைத் திருத்தி எழுதிய இரவு

சனிக்கிழமை காலை முதல் ஷொட்டை 6:45க்கு எடுப்பதாக இருந்தோம். எடுத்தது 8:05க்கு. போன அந்த எண்பது நிமிடத்தை நாள் முழுக்கத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. மாலையில் மரைன் டிரைவில் கடலைப் பின்னால் வைத்து எடுக்க இருந்த காட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 6:10. மார்ச் நடுப்பகுதியில் கொழும்பில் சூரியன் 6:20ஐத் தாண்டியதும் கடலுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வெளிச்சம் என்று சொல்லக்கூடியது இருபது நிமிடந்தான். ஒரே ஒரு வைட் ஷொட்டோடு பெட்டியைக் கட்டினோம்.

பிழை கால்ஷீட்டில், யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று ஷூட்டுக்கு முந்திய இரவு அனுப்பும் தாளில், இருந்தது. அதை எழுதியவன் நான்.

படம் இருபது நிமிடக் குறும்படம். இரண்டு நாள் ஷூட், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய மாடிவீடு. இயக்குநர், உதவி இயக்குநராக நான், கமராக்காரர், அவருடைய உதவியாளர், சவுண்ட் அண்ணா, லைட் ஆட்கள் இருவர், மேக்கப்பும் உடுப்பும் பார்க்கும் அக்கா, ஆர்ட் தம்பி, வான் ஓட்டிக்கொண்டே சாப்பாடு, சாமான் எல்லாம் பார்க்கும் தயாரிப்பு மேலாளர் என்று பத்துப் பேர். நடிகைகள் இருவர்: அம்மம்மா, மகள். மொத்தம் பன்னிரண்டு தலை. இவ்வளவு சின்னக் கூட்டத்துக்குக் கால்ஷீட் எதற்கு, போனில் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது வேறு. ஷீட் இருந்தது, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் திறந்தும் பார்த்தார்கள். பார்த்ததைத்தான் செய்தார்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் படச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்குக் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. வெள்ளிக்கிழமை இரவு அம்மம்மாவாக நடிப்பவருக்கு போன் எடுத்து, "அம்மா, கால்ஷீட் பார்த்தீங்களோ?" என்று கேட்டேன். "நான் போன மாசமே குடுத்திட்டன் தானே தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டு போனை வைத்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஷூட் நாளுக்கு முந்திய இரவு வரும் தாளில் தன்னுடைய நேரம் எழுதியிருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது என்று அந்தப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஷீட் எக்செல்லில் செய்தது. பெரிய படக்குழுக்கள் பயன்படுத்தும் மாதிரி ஒன்றை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். மேலே பெரிய எழுத்தில் பொது நேரம் காலை 6:00. அதன்கீழ் காட்சி எண், உள்ளா வெளியா, பகலா இரவா, திரைக்கதைப் பக்கத்தை எட்டாகப் பிரித்த கணக்கு, நடிகர் இலக்கம். அடியில் சின்ன எழுத்தில், யார் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை. ஏ4 தாளில் அச்சடித்து மேசையில் வைத்தால் அழகான ஷீட். ஆனால் அதை ஒருவரும் மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. வட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை, உள்ளங்கை அளவு திரையில், படுக்கப் போகும் நேரத்தில் பார்த்தார்கள். அந்தத் திரையில் பெரிதாக்காமல் வாசிக்கக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான்: 6:00.

மேக்கப் அக்கா வரவேண்டியது 5:15க்கு. ஷீட்டின் அடி அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் வந்தது 6:00க்கு, ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல். "ஷீட்டில ஆறு மணி எண்டுதானே தம்பி போட்டிருந்தது, நான் சரியா வந்திட்டன்" என்றார். அவர் பக்கம் பிழையில்லை. சாமான் பரப்பப் பதினைந்து நிமிடம், அம்மம்மாவை எழுபது வயதாக்க ஐம்பது நிமிடம், சேலை கட்டப் பதினைந்து. நடிகை தயாரானது 7:20க்கு.

லைட் ஆட்கள் வேறு இடத்தில் நின்றார்கள். வீட்டிலக்கத்தை 45 என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதியது 45/2. கொழும்பில் அப்படி எழுதினால் 45ஆம் காணியைப் பிரித்ததில் இரண்டாவது துண்டு, பெரும்பாலும் உள்ளே தள்ளி இருக்கும் இன்னொரு வீடு. எங்கள் வீடோ 45இன் இரண்டாம் மாடியில் முதல் வீடு, அதாவது 45 2/1. ஒரு கோடு, ஒரு எண். அவர்கள் பின்வீட்டு மணியை அடித்து, தூக்கத்திலிருந்த ஒருவரை எழுப்பி, பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பி, 5:45க்கு வரவேண்டியவர்கள் 6:25க்கு மேலே வந்தார்கள். விளக்கு நிறுத்தவும் வயர் இழுக்கவும் ஒரு மணித்தியாலம். ஆக 7:25.

மூன்றாவது ஆர்ட் தம்பி. இரவு 9 மணிக்கு நான் அனுப்பிய ஷீட்டில் முதல் காட்சி சாப்பாட்டு மேசை. 10:40க்கு இயக்குநர் சமையலறையை முதலில் எடுக்கலாம் என்றார், திருத்திய ஷீட்டை அனுப்பினேன். இரண்டு கோப்புக்கும் பெயர் `callsheet_final.pdf`. தம்பி முதலாவதை இறக்கி வைத்துவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். காலையில் வந்து சாப்பாட்டு மேசையை வெகு அழகாக அடுக்கினார். சமையலறை வெறுமையாகக் கிடந்தது ஏழு மணிக்குத்தான் கண்ணில் பட்டது. அடுக்கி முடிய 7:35. அதன்பிறகு விளக்கைத் திருத்தப் பதினைந்து நிமிடம், ஒத்திகைக்குப் பதினைந்து. 8:05.

இந்த மூன்றையும் கூட்டினால் எண்பதைத் தாண்டிவிடும். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. அன்றிரவு கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. மேக்கப் நேரத்தை மட்டும் திருத்தியிருந்தால் முதல் ஷொட் அப்போதும் 8:05. விலாசத்தை மட்டும் திருத்தியிருந்தாலும் 8:05. ஆர்ட் பிழையை மட்டும் திருத்தியிருந்தால் 7:40. அன்று செட்டில் எல்லோரும் ஆர்ட் தம்பியைத்தான் திட்டினார்கள், கடைசியாக முடிந்த வேலை அவருடையது என்பதால். மற்ற இரண்டு பிழைகளும் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றன. ஷூட்டில் யாரால் பிந்தியது என்று கேட்டால் கடைசியாக வந்தவரின் பெயர்தான் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்து ஷீட்டைத் திருத்தினால் மறுநாளும் பிந்தும்.

சனி மாலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை ஷீட்டைப் புதிதாக எழுதினேன். எக்செல்லைத் திறக்கவே இல்லை.

முதல் வேலை நேரம். கால் டைம் என்பதை எங்கள் பன்னிரண்டு பேரும் மூன்று விதமாக விளங்கிவைத்திருந்தார்கள். சிலருக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடும் நேரம், சிலருக்கு வந்து சேரும் நேரம், கமராக்காரருக்கு வேலை தொடங்கும் நேரம். அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "வாசல்" என்று போட்டேன். வாசல் 5:50 என்றால் 5:50க்கு அந்த வீட்டு வாசலில் சாமானோடு நிற்க வேண்டும். விளக்கம் தேவைப்படாத சொல். வான் போய் ஏற்றும் ஆளுக்கு "வண்டி", அதாவது உங்கள் வீட்டு வாசலில் வான் நிற்கும் நேரம்.

நேரங்களைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். ஞாயிறு முதல் காட்சி பல்கனி. மேற்குப் பார்த்த பல்கனி என்பதால் காலையில் கட்டடத்தின் நிழல் விழுந்து வெளிச்சம் மெதுவாக மாறும், அவசரமில்லை. முதல் ஷொட் 7:00. அதற்கு 6:45க்கு நடிகை உடுப்போடு இடத்தில் நிற்க வேண்டும். மேக்கப்பும் சேலையும் அறுபத்தைந்து நிமிடம், ஆகவே 5:40க்குக் கதிரையில் உட்கார வேண்டும். அதற்கு முன் அக்காவுக்குச் சாமான் பரப்பப் பதினைந்து நிமிடம்: வாசல் 5:25. அம்மம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வரவேண்டும். ஞாயிறு விடியற்காலையில் அரை மணித்தியாலம் போதும்: வண்டி 5:05. பல்கனிக்குப் பெரிய விளக்கு வேண்டாம், நாற்பது நிமிட வேலை, சாமான் மேலே ஏற்றப் பதினைந்து: லைட் வாசல் 5:50. ஆர்ட் தம்பி அவர்களுக்குப் பத்து நிமிடம் முந்தி வந்தால் அவர்கள் வயர் இழுக்கும்போது பூச்சாடி இடத்தில் இருக்கும். மகளாக நடிப்பவருக்கு ஒன்பதாம் காட்சியில்தான் வேலை. அவரை எல்லோரோடும் ஆறு மணிக்கு வரச்சொல்லி நான்கு மணித்தியாலம் கதிரையில் வைப்பது எங்கள் வழக்கம். இந்த முறை வாசல் 8:30. மதியச் சாப்பாடு 12:00, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு வந்து ஆறு மணித்தியாலம் அப்போது ஆகிவிடும். வேலை தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு என்பது பல நாட்டுப் படப்பிடிப்புகளில் வழக்கம். எங்கள் சனிக்கிழமைச் சாப்பாடு 2:15.

அடுத்தது தாளின் உருவம். வேர்டில் பக்க அளவை 10 சென்டிமீற்றர் அகலம், 18 உயரம் என்று வைத்து, எழுத்தைப் பதினான்குக்குக் கூட்டினேன். போனில் திறந்தவுடன் விரலால் இழுக்காமல் வாசிக்கலாம். முதல் பக்கத்தில் மனிதர்களும் நேரமும் இடமும் மட்டும். வழமையாக இயக்குநர், தயாரிப்பாளர் என்று பதவி வரிசையில் எழுதுவார்கள். நான் நேர வரிசையில் எழுதினேன். யார் முந்தி வரவேண்டுமோ அவர் மேலே. இயக்குநர் கடைசிக்கு முதல் வரிக்கு இறங்கிவிட்டார். "என்னைக் கீழ போட்டிட்டாய் என்ன" என்றார். கோபமில்லை.

முதல் பக்கம் இப்படி இருந்தது:

```
ஞாயிறு   |   ஷீட் 2-A
முதல் ஷொட் 7:00 (பல்கனி)

வண்டி 5:05  அம்மம்மா (கொட்டாஞ்சேனை)
வாசல் 5:25  மேக்கப்
வாசல் 5:40  ஆர்ட்
வாசல் 5:50  லைட் இருவரும்
வாசல் 6:00  கமரா, உதவியாளர்
வாசல் 6:15  சவுண்ட், இயக்குநர்
வாசல் 8:30  மகள்

இடம்: நேற்றைய வீடு. 45, இரண்டாம் மாடி.
பச்சைக் கேற். மணி அடிக்க வேண்டாம்,
எனக்குக் கோல் எடுக்கவும்.
```

விலாசத்தில் கோடு போட்ட இலக்கத்தையே விட்டுவிட்டேன். மாடியைச் சொல்லால் எழுதினேன், கேற்றின் நிறத்தைச் சேர்த்தேன். மேப் குறியை வீட்டிலிருந்து போடாமல் கேற்றடியில் நின்று போட்டேன். இந்த ஒழுங்கைகள் நெருக்கமானவை, அறைக்குள்ளிருந்து போட்டால் குறி பக்கத்து ஒழுங்கையில் விழுகிறது. லைட் ஆட்கள் இருவரும் சிங்களம் பேசுபவர்கள், தமிழ் ஷீட்டில் அவர்கள் வாசிப்பது எண்ணை மட்டுந்தான். அவர்களுடைய வரியையும் விலாசத்தையும் சிங்களத்தில் சொல்லி இருபது வினாடிக் குரல்பதிவாக ஒருவருக்கு அனுப்பினேன். "ஹரி மல்லி, பஹாய் பனஹட்ட" என்று நேரத்தைத் திருப்பிச் சொல்லிப் பதில் வந்தது.

இரண்டாம் பக்கத்தில் காட்சி ஒழுங்கு, ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டிய சாமான், மழை பெய்தால் என்ன செய்வது, சூரியன் மறையும் நேரம். இந்த மாதங்களில் கொழும்பில் பின்னேர மழை சொல்லாமல் வரும், அதனால் திறந்த படிக்கட்டில் எடுக்க இருந்த பத்தாம் காட்சிக்கு நேரே "மழை என்றால் 9இன் குளோசப்" என்று எழுதினேன். சவுண்ட் அண்ணா சனிக்கிழமை முழுக்கப் பல்கனியில் நின்று ரெயில் போன நேரங்களைத் தன் கையில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். கரையோரப் பாதை மரைன் டிரைவை ஒட்டிப் போகிறது, ரெயில் போகும்போது பல்கனியில் வசனம் எடுக்கவே முடியாது. ஞாயிறு ரெயில்கள் வேறு என்பதால் அந்தக் கையை அப்படியே பிரதி பண்ண முடியவில்லை. ஞாயிறு நேர அட்டவணையைப் பார்த்து எழுதி, "ஐந்து நிமிடம் முன்பின்" என்று சேர்த்தேன். கடைசி வரி அவசரத்துக்கு: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரி களுபோவில. பக்கத்தின் எட்டிலொரு பங்குக் கணக்கு, நடிகர் இலக்கம், மற்ற விபரமெல்லாம் என் கொப்பிக்குப் போயின. அவை எனக்கு வேண்டியவை, மேக்கப் அக்காவுக்கு வேண்டியவை அல்ல.

திருத்தங்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்தேன். கோப்பின் பெயர் `SUN_2A.pdf`. மாறினால் `SUN_2B.pdf`, பழையதைக் குழுவிலிருந்து எல்லோருக்கும் அழித்துவிட வேண்டும். இரவு 9 மணிக்குப் பிறகு புதுக் கோப்பு அனுப்புவதில்லை. அதன்பின் எது மாறினாலும் அது யாரைப் பாதிக்கிறதோ அவருக்கு மட்டும் போன். இயக்குநர் இதற்கு ஒப்புக்கொள்ள அரை மணித்தியாலம் எடுத்தார்.

ஷீட் கிடைத்தவர்கள் கட்டைவிரல் அனுப்பக் கூடாது, தன்னுடைய நேரத்தைத் தட்டச்சுச் செய்து அனுப்ப வேண்டும் என்றேன். சின்னப்பிள்ளைத்தனம் என்று கமராக்காரர் முணுமுணுத்தார். வரிசையாக வந்தன: 5:25, 5:40, 6:00. பிறகு சவுண்ட் அண்ணாவிடமிருந்து 7:00.

கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வரியில் 6:15. ஏழு எங்கிருந்து வந்தது? தாளின் தலையில் நானே போட்ட "முதல் ஷொட் 7:00". மேக்கப் அக்காவை 6:00க்கு வரவைத்த அதே பிழையை, இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து திருத்திய ஷீட்டில் மறுபடி செய்திருந்தேன். மேலே இருக்கும் முதல் எண்ணை மனிதர் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறார். அது யாருடைய எண்ணும் இல்லை என்றால் அதற்கு அங்கே வேலையில்லை. அண்ணாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன், மற்றவர்களின் பதில்கள் சரியாக இருந்ததால் கோப்பை மாற்றவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த ஷீட்டிலும் முதல் ஷொட் நேரம் முதல் பக்கத்தில் இல்லை. கட்டைவிரல் வந்திருந்தால் இது காலை 6:15க்குத்தான் தெரிந்திருக்கும்.

ஞாயிறு முதல் ஷொட் 7:10. பத்து நிமிடம் போனது வான் நிறுத்த இடம் தேடி. ஷீட்டில் வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்திருந்தேன், சாமானை ஒழுங்கை முனையிலிருந்து தூக்கிவர வேண்டியிருந்தது. 12:05க்குச் சாப்பாடு. 2:40க்கு மழை பிடித்தது. யாரும் என்னிடம் வந்து என்ன செய்வது என்று கேட்கவில்லை, நான் கீழே இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது லைட் ஆட்கள் ஸ்டாண்டுகளைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டாம் பக்கம் வாசிக்கத் தெரியாது. ஆர்ட் தம்பி வாசித்துச் சொல்லியிருக்கிறார். 3:50க்கு மழை விட்டது. படிக்கட்டுக் காட்சியை ஐந்து ஷொட்டிலிருந்து இரண்டாகக் குறைத்து எடுத்தோம்.

ஷீட் கைவிட்ட இடமும் உண்டு. மழைக்குப் பிறகு எழுதிய நேரம் ஒன்றும் நிற்கவில்லை, பிடிஎஃப்பைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம்தான் கூடியது. சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி மார்க்கரால் "இப்போது / அடுத்தது" என்று இரண்டு வரி எழுதினேன், மாறும்போதெல்லாம் கிழித்துப் புதிதாக ஒட்டினேன். ஷீட்டை நம்ப வேண்டிய நேரம் மதியச் சாப்பாடு வரைக்குந்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதன்பின் கதவுத் தாள். ஒரே வீட்டில் எல்லோரும் இருந்ததால் இது நடந்தது. ஒரே நாளில் இரண்டு இடங்களில் வேலை என்றாலோ, ஆட்கள் இருபதைத் தாண்டினாலோ முதல் பக்கம் ஒரு திரைக்குள் அடங்காது, பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

5:00 மணிக்கு மரைன் டிரைவில் இருந்தோம். தெரு ஈரமாகக் கிடந்தது, அது படத்துக்கு நல்லதாகப் போயிற்று. அம்மம்மாவின் கடைசி வசனத்தை நான்காவது முறை எடுக்கும்போது சவுண்ட் அண்ணா கையைத் தூக்கினார். தெற்கிலிருந்து ரெயில் வந்துகொண்டிருந்தது, ஷீட்டில் எழுதியதற்கு மூன்று நிமிடம் பிந்தி. அது கடந்து போகும்வரை எல்லோரும் நின்றோம். சூரியனுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.